ஒன்பது கட்டத்தில் ஒருவரை எங்கே வைப்பது: நைன் பாக்ஸ் கிரிட், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

அப்ரைசல் முடிந்த கையோடு பல நிறுவனங்களில் எச்.ஆர். ஒரு எக்செல் ஷீட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். கிடைமட்டத்தில் செயல்பாடு, செங்குத்தில் பொட்டென்ஷியல் எனப்படும் மேலே வளரும் திறன், ஒவ்வொன்றிலும் குறைவு, நடுத்தரம், உயர்வு என்று மூன்று படி. ஆக மொத்தம் ஒன்பது கட்டம். டீமில் உள்ள ஒவ்வொருவரையும் ஏதாவது ஒரு கட்டத்தில் வைக்க வேண்டும். யாரை அடுத்த பதவிக்குத் தயார் செய்வது, யாருக்குப் பயிற்சி கொடுப்பது என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

ஆண்டுக்கு ஒரு சுற்று என்று பல சுற்றுகள் ஓட்டியபின் நம் தீர்ப்பு இது: கிடைமட்ட அச்சு பெரிய தொல்லை தராது. தப்பு நடப்பதில் பெரும்பகுதி செங்குத்து அச்சில்தான். செயல்பாட்டுக்கு எண் இருக்கிறது, டார்கெட் இருக்கிறது, தவறாகப் போட்டால் ஊழியரே வந்து கேட்பார். பொட்டென்ஷியலுக்கு அப்படி எதுவும் இல்லை. மேனேஜரின் மனதில் பட்டதை எழுதிவிட்டுப் போய்விடலாம்.

இந்த வடிவம் முதலில் ஆட்களுக்காக உருவானதே அல்ல. 1970களின் தொடக்கத்தில் மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் ஜெனரல் எலெக்ட்ரிக்குக்காக, எந்தத் தொழில் பிரிவில் பணம் போடலாம், எதைக் கைவிடலாம் என்று பார்க்க அமைத்த ஒன்பது கட்டம் அது. பின்னால் எச்.ஆர். அதை எடுத்து ஆட்களுக்குப் பொருத்திக்கொண்டது. தொழில் பிரிவுக்குக் கட்டம் போட்டால் அந்தப் பிரிவு மனம் நோகாது. மனிதருக்குப் போட்டால் ஜாதகக் கட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டுவிடும்.

முதலில் செயல்பாட்டு அச்சை முடித்துவிடுவோம். ஒரே ஒரு ஆண்டின் ரேட்டிங்கை நம்ப வேண்டாம். கடைசி இரண்டு ஆண்டுகளின் சராசரியை எடுங்கள். ஐந்து புள்ளி அளவில் 4-ம் அதற்கு மேலும் உயர்வு, 3 முதல் 4-க்குள் நடுத்தரம், 3-க்குக் கீழே குறைவு. எல்லைக் கோட்டைச் சுற்றுக்கு முன்பே எழுதி வையுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்தபின் 3.9-ஐ 4 ஆக்கலாமா என்ற பேரம் வரக்கூடாது. புதிய பொறுப்புக்கு வந்து ஓர் ஆண்டு ஆகாதவரைக் கட்டத்துக்குள் வைக்கவே வேண்டாம், பக்கத்தில் ‘புதியவர்’ என்று தனிப் பட்டியல் போதும். ஆறு மாதத்துக்கு முன் பதவி உயர்வு பெற்றவர் ‘செயல்பாடு குறைவு’ கட்டத்தில் வந்து விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த விதி இல்லாததுதான்.

இனி பொட்டென்ஷியல். ‘இவர் நல்லா வருவாரா’ என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில் வரும். கேள்வியை இறுக்க வேண்டும்: அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில், இப்போதைய நிலைக்கு ஒரு படி மேலே உள்ள வேலையை இவர் செய்வாரா? இதற்கு மூன்று உட்கேள்விகள் போதும். பழக்கமில்லாத வேலை வந்தபோது எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டார்? தன் மேசைக்கு வெளியே உள்ள பிரச்சினையின் வேரைப் பிடித்தாரா? தனக்குக் கீழே இல்லாதவர்களிடமும் வேலை வாங்கினாரா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 3, 4 வந்தால் குறைவு, 5 முதல் 7 வரை நடுத்தரம், 8, 9 உயர்வு.

மதிப்பெண்ணை விட முக்கியமானது அதற்குப் பக்கத்தில் உள்ள நெடுவரிசை. கடந்த 18 மாதத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அங்கே எழுத வேண்டும். ‘ஸ்மார்ட்’, ‘மெச்சூரிட்டி இல்லை’, ‘ஆட்டிட்யூட்’ எல்லாம் சம்பவம் அல்ல. சம்பவம் கிடைக்கவில்லை என்றால் 1 போடக்கூடாது, ‘பார்த்ததில்லை’ என்று போட வேண்டும். வாய்ப்பு கிடைத்தும் செய்யாதவரும், வாய்ப்பே கிடைக்காதவரும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்பதுதான் இந்த முறையில் நடக்கும் பெரிய அநியாயம். மூன்றில் ஒன்று ‘பார்த்ததில்லை’ என்றால் மற்ற இரண்டையும் வைத்து முடிவு செய்யலாம், ஆனால் நடுத்தரத்துக்கு மேலே போகக்கூடாது. இரண்டு அப்படி இருந்தால் அவரைக் கட்டத்தில் வைக்காமல், முதலில் வாய்ப்பைக் கொடுங்கள்.

ஊர் மாறத் தயாரா, பதவி உயர்வில் விருப்பம் உண்டா என்பவை மதிப்பெண்ணில் சேராது. அவற்றைத் தனி நெடுவரிசையில், அவரிடமே கேட்டு எழுத வேண்டும்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, மூத்த பொறியாளர். முந்தைய ஆண்டு ரேட்டிங் 4. இந்த ஆண்டு 26 வாரம் மகப்பேறு விடுப்பில் இருந்தார், ரேட்டிங் 3. சராசரி 3.5, ஆகவே நடுத்தரம். பொட்டென்ஷியலுக்கு மேனேஜர் 1, 2, 1 போட்டிருக்கிறார், மொத்தம் 4, குறைவு. குறிப்பில் எழுதியது: “அமைதியான டைப். மீட்டிங்கில் பேசமாட்டார். குழந்தை சின்னது, வெளியூர் ஆலைக்கு அனுப்ப முடியாது.”

முதலில் அந்த 3 எப்படி வந்தது? சப்ளையர் ஆடிட் டார்கெட் ஆண்டுக்கு 12, அவர் முடித்தது 7. சிஸ்டம் 58 சதவீதம் என்று காட்டியதால் ரேட்டிங் இறங்கியது. ஆனால் அவர் வேலை பார்த்தது சுமார் ஆறு மாதம். அந்தக் காலத்துக்கு உரிய டார்கெட் 6, முடித்தது 7. மற்ற இலக்குகளையும் இதே கணக்கில் பார்த்தபோது ரேட்டிங் 4 என்று திருத்த வேண்டியதாயிற்று. சராசரி 4, செயல்பாடு உயர்வு. விடுப்பு எடுத்த காலத்தைக் கழித்து டார்கெட்டைச் சுருக்கும் வேலையை, கட்டத்துக்கு வரும் முன்பே எச்.ஆர். செய்து முடித்திருக்க வேண்டும்.

அடுத்து குறிப்பு. அமைதியாக இருப்பது மூன்று கேள்விகளில் எதற்கும் பதில் அல்ல. குழந்தை, வெளியூர் இரண்டும் தனி நெடுவரிசைச் சமாச்சாரம், அதுவும் அவரைக் கேட்காமலே எழுதியது. அந்தக் குறிப்பை அடித்துவிட்டுச் சம்பவம் கேட்டால்? புதிய அளவீட்டு இயந்திரம் வந்தபோது அதன் புரோகிராமைத் தானாகக் கற்று, இரண்டு ஷிஃப்டுக்கும் செயல்முறைக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்: 3. ஒரே சப்ளையரிடமிருந்து துளை அளவு தவறிய பாகங்கள் திரும்பத் திரும்ப வந்ததற்கு, அங்கே வெட்டுக் கருவியைத் தாமதமாக மாற்றுவதே காரணம் என்று கண்டுபிடித்து, மாற்றும் இடைவெளியைக் குறைக்க வைத்திருக்கிறார். இதை உறுதிப்படுத்தியது அவருடைய மேனேஜர் அல்ல, கொள்முதல் பிரிவு மேனேஜர்: 3. மற்றவர்களிடம் வேலை வாங்கினாரா? அப்படி ஒரு பொறுப்பை இதுவரை யாரும் தரவில்லை: ‘பார்த்ததில்லை’.

ஆகவே செயல்பாடு உயர்வு, பொட்டென்ஷியல் நடுத்தரம். உயர்வு என்று தூக்கி வைக்கவும் ஆதாரம் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வேலையும் இதிலேயே தெரிகிறது: மூன்று பேர் கொண்ட ஆடிட் குழுவை ஆறு மாதம் அவர் நடத்தட்டும். அடுத்த சுற்றில் மூன்றாவது கேள்விக்குப் பதில் இருக்கும்.

இது தனி ஒருவரின் கதை என்று நினைக்க வேண்டாம். ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் வட அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் நைன் பாக்ஸ் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பெண்களுக்குச் செயல்பாட்டு மதிப்பெண் ஆண்களைவிட அதிகம், பொட்டென்ஷியல் மதிப்பெண் குறைவு. பதவி உயர்வில் இருந்த இடைவெளியில் 30 முதல் 50 சதவீதம் வரை அங்கிருந்துதான் வந்தது. அதே பொட்டென்ஷியல் மதிப்பெண் பெற்ற ஆண்களைவிட, பெண்கள் பின்னாளில் நன்றாக வேலை செய்ததும் பதிவாகியிருக்கிறது.

மேனேஜர்கள் போட்ட மதிப்பெண்களை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் காலிப்ரேஷன் கூட்டத்துக்கு ஒரே நிலையில் உள்ள ஐந்து முதல் எட்டு மேனேஜர்கள் போதும். எல்லோரைப் பற்றியும் பேச நேரம் இருக்காது. நான்கு மூலைகளிலும் இருப்பவர்களை முதலில் எடுத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். மேனேஜர் பேசி முடித்ததும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: “இவரோட வேலை பார்த்தவங்க இங்க வேற யாராவது இருக்கீங்களா?” நல்ல ஆளைத் தன் டீமிலேயே வைத்துக்கொள்ளப் பொட்டென்ஷியலைக் குறைத்துப் போடும் மேனேஜர்கள் உண்டு. அது இந்தக் கேள்வியில்தான் வெளிப்படும். போன சுற்றின் கட்டத்தைத் திரையில் காட்டாதீர்கள். காட்டினால் புதிதாக யோசிக்க மாட்டார்கள், பழையதையே வழிமொழிவார்கள்.

கூட்டத்துக்கு முன்பே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். C நெடுவரிசையில் செயல்பாட்டுச் சராசரி, D நெடுவரிசையில் பொட்டென்ஷியல் மொத்தம் இருந்தால், இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதை இது காட்டும்:

```
=CORREL(C2:C41,D2:D41)
```

விடை 0.9-ஐ ஒட்டி வந்தால், மேனேஜர்கள் இரண்டாவது அச்சை மதிப்பிடவே இல்லை, முதல் அச்சைக் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆட்கள் எல்லோரும் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு ஒரே சாய்வுக் கோட்டில் நிற்பார்கள். இதைக் குறைக்க எளிய வழி, பொட்டென்ஷியல் படிவத்தை முதலிலேயே, ரேட்டிங் வெளியாகும் முன் வாங்கிவிடுவது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே படிவத்தில் கேட்டால் ஒன்றின் நிழல் மற்றதில் விழும்.

செயல்பாடு உயர்வு, பொட்டென்ஷியல் குறைவு என்ற கட்டத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள டூல் ரூம் நிபுணர், டேட்டாபேஸ் கைவந்த மூத்தவர் போன்றவர்கள் வந்து சேரும் இடம் இது. ‘ஒரு படி மேலே’ என்றால் ஆட்களை நிர்வகிப்பது மட்டும்தான் என்று நிறுவனம் வைத்திருந்தால், அவர்கள் எந்நாளும் குறைவுதான். தொழில்நுட்பத்திலேயே மேலே போகும் பதவி வரிசை இருந்தால், அதன் அடுத்த படியை வைத்து அவர்களை அளக்க வேண்டும். வரிசையே இல்லாத நிறுவனத்தில் இந்தக் கட்டத்தின் விளிம்பில் ‘அளக்க அளவுகோல் இல்லை’ என்று குறித்து வைப்பதுதான் நேர்மை.

ஊழியரிடம் என்ன சொல்வது? கட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்பது நம் கருத்து. சொல்லக்கூடாது என்று ரகசியம் காத்தும் பயனில்லை, எப்படியும் கசியும். எழுதிய சம்பவங்களையும், ‘பார்த்ததில்லை’ என்று இருந்த இடத்தையும், அதற்காகத் தரப்போகும் வேலையையும் தேதியோடு சொல்லலாம். மேலே பார்த்த பொறியாளரிடம், “ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆடிட் குழு உங்கள் பொறுப்பு, மூன்று பேரிடமும் வேலை வாங்குவதைத்தான் பார்க்கப்போகிறோம்” என்றால் அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். மேனேஜரால் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத வரி எதுவும் அந்தப் படிவத்தில் இருக்கக்கூடாது.

மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள நிறுவனத்துக்கு இது தேவையில்லை. அங்கே CORREL எண்ணும் ஒருவரால் ஏறும், ஒருவரால் இறங்கும். மூன்று கேள்விகளையும் சம்பவம் எழுதும் நெடுவரிசையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டத்தை விட்டுவிடலாம்.