இரண்டு எதிர்மறை வந்தால் கூடுமா, கழியுமா?

ரஷ்ய மொழி படிக்கும் தமிழர்கள் குழம்பும் இடம் இது.

‘யாருக்கும் எதுவும் தெரியாது’
தமிழில்: எதிர்மறை ஒன்றுதான், ‘தெரியாது’. மற்றவை வெறும் ‘உம்’ சொற்கள்.
ரஷ்யனில்: ‘நிக்தோ நிச்சிவோ நே ஸ்னாயெத்’. மூன்று எதிர்மறை, பொருள் அதேதான். ‘நே’யை விட்டால் வாக்கியமே தப்பு.

‘போகாமல் இருக்க முடியாது’
தமிழில்: இரண்டும் கழிந்து, போயே ஆக வேண்டும் என்றாகிறது.
ரஷ்யனில்: ‘நே மகு நே பய்தி’. இங்கே அதுவும் கழிகிறது! இரண்டு ‘நே’யும் இரண்டு வினைகளில் தனித்தனியாக நிற்பதுதான் காரணம்.

அதனால் எதிர்மறைகளை எண்ணாதீர்கள், வினைகளைப் பாருங்கள். ரஷ்யனில் ஒரே வினையைச் சுற்றி வந்தால் குவியும். ஒரு வினை இன்னொன்றைச் சார்ந்திருக்க, வினைக்கு ஒன்றாக வந்தால் கழியும்.

அப்புறம், வெறும் கடமையென்றால் ‘போக வேண்டும்’ போதும். மனசு கேட்கவில்லை என்றால் ‘போகாமல் இருக்க முடியாது’தான் சரி.