0.1 டிகிரி துல்லியம் என்று சொல்லி விற்கும் இன்குபேட்டர் கன்ட்ரோலர்: வாங்கும் முன் இதைப் பாருங்கள்

காங்கேயம், தாராபுரம் பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் இப்போது ஒரு கன்ட்ரோலர் பெட்டி விற்கப்படுகிறது. உள்ளே ஒரு ஆர்டுயினோ நானோ போர்டு, ஒரு LM35 சென்சார், ஒரு ரிலே, முன்னால் சின்ன டிஸ்பிளே. "பாயிண்ட் ஒண்ணு டிகிரி வரைக்கும் கரெக்டா காட்டுமுங்க" என்று சொல்லித்தான் தருகிறார்கள். அப்படி வாங்கிய ஒரு பெட்டியில் 37.5-க்கு செட் செய்து அடை வைத்த முட்டைகள் 21-ம் நாள் தாண்டியும் ஓடு கொத்தவில்லை. 23-ம் நாள் பொரித்த சில குஞ்சுகளுக்கும் கால் நிற்கவில்லை. டிஸ்பிளே மட்டும் கடைசி வரை 37.6 என்று அசையாமல் காட்டிக்கொண்டிருந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, "செட்டிங் எல்லாம் சரியா இருக்குதுங்க, உங்க ஊரு கரண்டுதான் சரியில்லைங்க" என்று பதில். சாக்காகச் சொன்னாலும் அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் தப்பு கரண்டில் இல்லை.

டிஸ்பிளேயில் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் இருப்பதால் 0.1 டிகிரி அளக்கிறது என்று ஆகிவிடாது. LM35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். 37.5 டிகிரி என்றால் 375 மில்லிவோல்ட். அதை எண்ணாக மாற்றுவது நானோவில் இருக்கும் ATmega328P சிப்பின் 10 பிட் ஏடிசி. இது சக்சஸிவ் அப்ராக்சிமேஷன் வகை, அதாவது தராசில் படிக்கல் வைத்து நிறுப்பது போல. பெரிய கல்லிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கும். கல் கனத்தால் எடுத்துவிடும், கனக்காவிட்டால் அப்படியே விட்டு அடுத்த கல்லுக்குப் போகும். மொத்தம் பத்துக் கல். முதல் கல், சிப் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் ரெஃபரன்ஸ் வோல்டேஜில் பாதி, அடுத்தது கால், பிறகு அரைக்கால், இப்படியே கடைசிக் கல் 1024-ல் ஒரு பங்கு. ஆக, கல்லின் எடையை முடிவு செய்வது ரெஃபரன்ஸ் வோல்டேஜ்தான்.

இந்தப் பெட்டியின் புரோகிராமில் ரெஃபரன்ஸைத் தொடவே இல்லை. அப்படி விட்டால் போர்டின் 5 வோல்ட் சப்ளையே ரெஃபரன்ஸ். முதல் மூன்று கல் 2.5, 1.25, 0.625 வோல்ட். நம் சென்சார் தருவது 0.375. மூன்றும் வீண், இன்குபேட்டருக்குள் எந்தச் சூட்டிலும் அவை நிற்கப்போவதில்லை. மிச்சம் ஏழு கல்லில்தான் நிறுவை நடக்கிறது, அதில் கடைசிக் கல் 4.88 மில்லிவோல்ட். கிட்டத்தட்ட அரை டிகிரி. கடைசிக் கல்லை 1 என்று வைத்து 375-ஐ நிறுத்தால் 64, 8, 4 கற்கள் நிற்கும், எண் 76. புரோகிராம் அதை 37.1 என்று காட்டும். அடுத்த எண் 77 என்றால் 37.6, அதற்கடுத்தது 38.1. நடுவில் 37.2, 37.3, 37.4, 37.5 என எதுவும் இந்தப் பெட்டியில் வரவே வராது.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். சென்சாரை விரலால் பிடித்துக்கொண்டு டிஸ்பிளேயைப் பாருங்கள். சூடு ஏறும்போது 32.2, 32.7, 33.2, 33.7 என்று அரை அரையாகத் தாவினால், அது 5 வோல்ட் ரெஃபரன்ஸ். சில பெட்டிகளில் பல ரீடிங்கைச் சராசரி எடுத்துக் காட்டுவார்கள். அப்போது தாவல் வெளியே தெரியாது.

ஆனால் முட்டையைக் கெடுத்தது இந்த அரை டிகிரி அல்ல. அந்தப் பெட்டி ஓடுவது ஒரு செல்போன் சார்ஜரில், மெல்லிய ஒயர் வழியாக. அதே 5 வோல்ட்டில்தான் காற்றாடியும் ஓடுகிறது. காற்றாடி ஓடும்போது போர்டில் மல்டிமீட்டர் வைத்தால் 4.72 வோல்ட். சப்ளை இறங்கினால் எல்லாப் படிக்கல்லும் சேர்ந்து இளைத்துப்போகும். சென்சார் தரும் மில்லிவோல்ட் மட்டும் மாறாது. இளைத்த கல்லால் நிறுத்தால் எண் கூடத்தான் வரும். புரோகிராமோ இன்னும் 5 வோல்ட் என்றே கணக்குப் போடுகிறது. எண் 77 ஆவதற்கு 376 மில்லிவோல்ட் வேண்டிய இடத்தில் இப்போது 355 போதும். டிஸ்பிளே 37.6 என்று சொல்லி ஹீட்டரை நிறுத்தும் நேரத்தில் உள்ளே இருப்பது 35.5 டிகிரி. மூன்று வாரமும் முட்டைகள் இரண்டு டிகிரி குறைவான சூட்டில் கிடந்திருக்கின்றன.

காற்றாடியைக் கழற்றி மாட்டும்போது டிஸ்பிளே எண் சட்டென்று ஏறி இறங்கினால் இதே நோய். ரிலே விழும்போது எண் குதித்து, உடனே ரிலே விட்டு, மறுபடி விழுந்து டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தாலும் இதுவேதான்.

எல்லாப் பெட்டியையும் சந்தேகப்பட வேண்டாம். தெர்மிஸ்டரை ரெசிஸ்டரோடு சேர்த்து அதே 5 வோல்ட்டில் போட்டிருந்தால், சப்ளை இறங்கும்போது சென்சார் வோல்டேஜும் அதே விகிதத்தில் இறங்கும், எண் மாறாது. LM35 அப்படி அல்ல. சப்ளை என்னவானாலும் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான். அதனால் அதற்கு ஆடாத ரெஃபரன்ஸ் வேண்டும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சிப்புக்குள்ளேயே 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் இருக்கிறது. அதைப் போட்டால் கடைசிக் கல் 1.07 மில்லிவோல்ட், ஏறத்தாழ 0.1 டிகிரி. அதே 375 மில்லிவோல்ட்டுக்கு இப்போது எண் 349. அளக்கக்கூடிய உச்சம் 110 டிகிரி, இன்குபேட்டருக்கு தாராளம்.

போர்டில் ரெஃபரன்ஸ் வோல்டேஜுக்கான AREF பின்னுக்கு ஏதாவது ஒயர் போயிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். வெளி வோல்டேஜ் அங்கே இருக்கும்போது உள் ரெஃபரன்ஸை இயக்கினால் இரண்டும் முட்டிக்கொண்டு சிப் கெட்டுப்போகும். பிறகு புரோகிராமில் ரீடிங் எடுக்கும் பகுதி இப்படி இருக்க வேண்டும்:

```
const float VREF = 1.083; // AREF பின்னில் அளந்தது

void setup() {
  Serial.begin(9600);
  analogReference(INTERNAL);
  analogRead(A0); // முதல் ரீடிங் வேண்டாம்
  delay(10);
}

void loop() {
  int n = analogRead(A0);
  Serial.println(n * VREF * 100.0 / 1024.0, 1);
  delay(1000);
}
```

1.083 என்பது ஒரு போர்டில் அளந்தது, உங்களுடையது வேறாக இருக்கும். 1.1 என்று பெயர் இருந்தாலும், சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. இந்தப் போர்டில் அளக்காமல் 1.1 என்றே போட்டிருந்தால் 37.5 டிகிரி 38.0 ஆகத் தெரியும். புரோகிராமை ஏற்றியபின் AREF-க்கும் GND-க்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து வந்த எண்ணைப் போடுங்கள். அங்கே 5-ஐ ஒட்டி வந்தால் ரெஃபரன்ஸ் மாறவில்லை என்று அர்த்தம்.

இவ்வளவும் செய்தாலும் LM35-க்கே ஒரு டிகிரி அளவுக்குப் பிசகு இருக்கலாம். சென்சாரைப் பாலிதீன் கவரில் சுற்றி, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள டம்ளரில் விட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். தெர்மாமீட்டர் 37.5 காட்டும்போது பெட்டி 37.9 காட்டினால் புரோகிராமில் 0.4-ஐக் கழித்துவிடுங்கள். சப்ளையை 3.3 வோல்ட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 4 வோல்ட்டுக்குக் கீழே LM35 சரியாக வேலை செய்யாது.