இன்சென்டிவ் வரும் குடும்பம்: எதை வைத்து மாதச் செலவைக் கட்டுவது?

இருசக்கர வாகன ஷோரூம் விற்பனையில் ஆடியும் மார்கழியும் மந்தம். ஆயுத பூஜையும் தீபாவளியும்தான் அறுவடை. அங்கே வேலை செய்பவருக்குச் சம்பளம் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்சென்டிவ், விற்ற மாதத்துக்கு அடுத்த மாதம் வரும். பிடித்தம் போக ஏப்ரல் முதல் மார்ச் வரை கைக்கு வந்தது, ஆயிரங்களில்: 9, 8, 7, 6, 3, 2, 8, 26, 12, 4, 5, 6. மொத்தம் 96,000.

கடைசி மூன்று மாதச் சராசரியைத்தான் பலரும் மனக்கணக்காகப் போடுகிறார்கள். டிசம்பரில் பார்த்தால் அது 15,000-க்கு மேல். அந்த நம்பிக்கையில் ஒரு தவணை எடுத்தால், ஜனவரியில் 4,000தான் வரும். பருவம் பார்த்து நடக்கும் தொழிலுக்கு இந்த முறை ஆகவே ஆகாது.

மிகக் குறைந்த மாதத்தை, அதாவது 2,000-ஐ, அடிப்படையாக வைத்தால் ஆபத்தில்லை. ஆனால் உண்மையில் வரும் பணத்தில் முக்கால் பங்கு கணக்கிலேயே வராது. கணக்கில் இல்லாத பணம் தீபாவளிச் செலவோடு கரைந்துவிடும்.

பன்னிரண்டு மாதச் சராசரி 8,000. ஆடியும் தீபாவளியும் இரண்டுமே அதற்குள் அடங்கிவிடுவதால் எனக்கு இதுதான் பிடித்த முறை. ஒரே ஒரு சிக்கல், எந்த மாதம் தொடங்குகிறோம் என்பது. நவம்பரில் 26,000 வந்ததும் தொடங்கி, மாதம் 8,000 மட்டும் எடுத்தால் அடுத்த அக்டோபர் வரை கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதே 8,000-ஐ ஜனவரியில் தொடங்கினால் மார்ச்சில் 9,000 பற்றாக்குறை, செப்டம்பரில் 22,000. சராசரி மாறவில்லை, பணம் வரும் வரிசைதான் மாறியது. அந்த 22,000 கையில் இல்லாதவர் கிரெடிட் கார்டில்தான் போய் விழுவார்.

அதனால் இடையில் தொடங்குபவர்கள் அந்த ஒரு நவம்பரை விட்டுவிட்டு மீதி 11 மாதங்களுக்குச் சராசரி போடுங்கள்: சுமார் 6,400. ஜனவரியில் தொடங்கினாலும் அதிகபட்சப் பள்ளம் 8,000 அளவில் நின்றுவிடும். நவம்பர் பணம் வந்து, அந்த மாதத்துக்கு எடுத்தது போகக் கையிருப்பு 22,000-ஐத் தொட்ட பிறகு 8,000-க்கு ஏறலாம்.

இன்சென்டிவ் முழுவதும் தனி சேமிப்புக் கணக்கில் விழட்டும். அங்கிருந்து மாதம் 1-ஆம் தேதி இந்தத் தொகை மட்டும் வீட்டுக் கணக்குக்கு வரட்டும். வாடகையும் கடன் தவணையும் 16,000-க்குள்ளேயே அடங்கவேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். நிறுவனம் டார்கெட்டையோ ஸ்லாபையோ மாற்றினால் பழைய 12 மாதங்கள் செல்லாது. அதே வண்டி எண்ணிக்கைக்குப் புதிய ஸ்லாபில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று மாதவாரியாகத் திரும்பப் போட்டு, அதிலிருந்து சராசரி எடுக்கவேண்டும்.