16 பிட் ஸ்கேனை 8 பிட்டாக்குதல்: மூன்று ஆண்டு அனுபவம்

ராயபுரத்தில் பெரியப்பா நடத்திய ஸ்டூடியோவை மூடியபோது, காசிமேட்டில் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய என்னிடம் வந்தன. மூன்று ஆண்டுகளாக அவற்றை 16 பிட்டில் ஸ்கேன் செய்கிறேன். வீட்டாருக்கு அனுப்புவதற்கு `numpy` கொண்டு 8 பிட்டாக மாற்றுகிறேன்.

நேரடியாக `img16.astype(np.uint8)` என்று எழுதினால் 255ஐத் தாண்டிய எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வானமெங்கும் கோடு கோடாக வந்துவிடுவதால் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். என்னை ஏமாற்றியது 257ஆல் வகுக்கும் முறை. 65535 சரியாக 255 ஆகிறது, கணக்கில் பிழையே இல்லை. படம் மட்டும் இருட்டாக இருக்கும். பிறகு வெளிச்சம் கூட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். கூட்டினால் வராது.

கரையேற்றிய படகின் நிழலில் ஒரு முதியவர் உட்கார்ந்து வலை பின்னுகிறார். அந்த நிழலில் ஸ்கேன் மதிப்புகள் 620 முதல் 1950 வரை. 257ஆல் வகுத்து அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் 2 முதல் 8 வரை, ஏழே படிகள். அவர் விரல்களும் வலைக்கயிறும் ஒரே திட்டாகிவிட்டன. வெளிச்சம் கூட்டியபோது அந்த ஏழு படிகள்தான் விலகி நின்று பட்டைகளாகத் தெரிந்தன.

காரணம், என் ஸ்கேனர் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் பதிகிறது. திரை எதிர்பார்ப்பதோ `sRGB` வளைவு. அது நிழலுக்கு அதிகப் படிகள் ஒதுக்குகிறது. ஆகவே வளைவை 16 பிட்டில் இருக்கும்போதே போட்டுவிட்டு, அதற்குப் பிறகே 8 பிட்டுக்கு இறங்க வேண்டும்:

```python
x = np.arange(65536) / 65535
y = np.where(x <= 0.0031308, 12.92*x,
             1.055*x**(1/2.4) - 0.055)
lut = np.rint(y * 255).astype(np.uint8)
img8 = lut[img16]
```

இப்போது அதே நிழல் 25 முதல் 48 வரை, 24 படிகளில் விரிகிறது. வலை ஊசியைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் தெரிகிறது. சந்தேகம் வந்தால் நிழல் பகுதியை மட்டும் வெட்டி `np.unique(...).size` பார்ப்பேன். கண்ணை விட அதை நம்புகிறேன். கணக்கு 65536 இடமுள்ள பட்டியலில் ஒரே தடவை நடப்பதால், பெரிய படத்தை முழுவதும் தசம எண்ணாக்கி நினைவகத்தை நிரப்ப வேண்டியதில்லை. பழைய கணினிக்கு இது பெரிய உதவி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ஸ்கேனர் மென்பொருள்கள் இந்த வளைவை முன்பே போட்டுவிடும். அதன் மேல் நானும் போட்டு, ஒரு பெட்டியின் பாதிப் படங்களை வெளுக்க வைத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு தொகுதிக்கும் முதலில் 18 சதவீதச் சாம்பல் அட்டையை ஸ்கேன் செய்கிறேன். மதிப்பு 11800க்கு அருகில் இருந்தால் நேர்விகிதம், வளைவு தேவை. 30000க்கு அருகில் இருந்தால் வளைவு ஏற்கெனவே இருக்கிறது. அப்போதுதான் 257ஆல் வகுக்கிறேன்.