மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட் படம்: தட்டச்சா, ஓசிஆரா, புதிதாக வரவழைப்பதா?

கையில் இருப்பது ஒரு படம் மட்டும். பழைய தாளின் ஸ்கேனாக இருக்கலாம், வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கலாம். மூலதன ஆதாயம் கணக்கிட அதிலிருந்து வாங்கிய தேதி, யூனிட், யூனிட் விலை மூன்றும் வேண்டும். முன்னால் மூன்று வழிகள் உண்டு: படத்தை ஒதுக்கிவிட்டு அதே விவரத்தைப் பதிவாளரிடமிருந்து பிடிஎஃப் ஆகப் பெறுவது, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் வைத்துப் படிப்பது, உட்கார்ந்து தட்டச்சு செய்வது.

என் வரிசையும் இதேதான். முதல் வழி நடக்காது என்று உறுதியான பிறகே மற்ற இரண்டையும் பார்ப்பேன்.

பதிவாளரிடமிருந்து பெறுவது

ஃபண்டுகளின் முதலீட்டாளர் கணக்கைப் பராமரிக்கும் பதிவாளர்களான கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை, அதாவது சிஏஎஸ் கேட்கலாம். இரண்டு பதிவாளர்களிடமும் உள்ள ஃபண்டுகள் ஒரே பிடிஎஃப்பில் மின்னஞ்சலுக்கு வரும். கடவுச்சொல்லை நாமே வைக்கலாம். கேட்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். Summary என்றால் இருப்பு மட்டும்தான் வரும், அதனால் Detailed தேர்வு செய்ய வேண்டும். காலத்தை முதல் முதலீட்டுக்கும் முந்தைய தேதியிலிருந்து கொடுக்க வேண்டும். கொஞ்சம் பிந்திக் கொடுத்தால் முதல் வரியே Opening Unit Balance என்று ஒரு மொத்த எண்ணோடு தொடங்கும்; அந்த யூனிட்டுகள் எப்போது, என்ன விலைக்கு வாங்கியவை என்பது அந்தப் பக்கத்தில் எங்கும் இருக்காது. இதே சிக்கல் படத்திலும் வரும். படத்தின் முதல் வரி தொடக்க இருப்பாக இருந்தால், எந்த ஓசிஆரும் உங்களுக்கு உதவாது. முந்தைய பக்கத்தைத் தேடுவதுதான் வேலை.

பிடிஎஃப் வந்துவிட்டால் அதில் இருப்பது எழுத்து, படம் அல்ல. எண்ணைத் தவறாகப் படிக்கும் பேச்சே இல்லை:

```
pdftotext -layout -upw கடவுச்சொல் cas.pdf cas.txt
```

நெடுவரிசைகள் ஏறக்குறைய அப்படியே வரும். அதை விரிதாளில் கொண்டுபோய்ப் பிரித்துக்கொள்ளலாம். இந்த நிதியாண்டில் ஏற்கெனவே விற்றுவிட்டவர்களுக்கு இதுவும் தேவையில்லை. பதிவாளர் தரும் மூலதன ஆதாய அறிக்கையில் விற்ற யூனிட்டுகளுக்கான வாங்கிய தேதியும் விலையும் பொருத்தப்பட்டே இருக்கும்.

இந்த வழி எங்கே அடைபடும்? ஃபோலியோவில் பதிவான மின்னஞ்சலுக்குத்தான் அறிக்கை போகும். அது செத்துப்போன முகவரியாக இருந்தாலோ, மின்னஞ்சலே பதிவாகாத பழைய ஃபோலியோவாக இருந்தாலோ, முதலில் விவரத்தைத் திருத்த வேண்டும். கணக்கு காலமானவர் பெயரில் இருந்தால் வேலை இன்னும் நீளும். வருமான வரிக் கெடு நெருங்கும்போது அதுவரை காத்திருக்க முடியாது. அப்போதுதான் படம் மதிப்புப் பெறுகிறது.

முதலில் சரிபார்ப்பு, பிறகு கருவி

ஓசிஆரா தட்டச்சா என்று கேட்கும் முன், ஸ்டேட்மென்ட் தன்னைத்தானே எப்படிச் சரிபார்த்துக்கொள்கிறது என்று பார்த்துவிடலாம். இதைத் தெரிந்துகொண்டால் கருவியின் தரம் அவ்வளவு முக்கியமில்லை. கற்பனையான ஒரு ஈக்விட்டி ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி என்று வைத்துக்கொள்வோம்; இதில் என்ஏவி என்பது அன்றைய யூனிட் விலை:

| தேதி | தொகை | யூனிட் | என்ஏவி | இருப்பு |
|---|---|---|---|---|
| 10-Jan-2023 | 4,999.75 | 103.832 | 48.1523 | 103.832 |
| 10-Feb-2023 | 4,999.75 | 105.511 | 47.3860 | 209.343 |
| 10-Mar-2023 | 4,999.75 | 106.565 | 46.9175 | 315.908 |
| 10-Apr-2023 | 4,999.75 | 104.463 | 47.8614 | 420.371 |

தொகை ஏன் 5,000 இல்லை? 2020 ஜூலை 1 முதல் வாங்கும்போது 0.005 சதவீதம் முத்திரைத் தீர்வை பிடிக்கிறார்கள். 25 காசு அதில் போய்விடுகிறது. சில ஸ்டேட்மென்ட்களில் தொகை 5,000 என்றே இருந்து, தீர்வை தனி வரியாக வரும். அப்போது பெருக்கிப் பார்த்தால் 25 காசு இடிக்கும். அது படிப்புப் பிழை அல்ல.

இனி இரண்டு கேள்விகள். யூனிட்டை என்ஏவியால் பெருக்கினால் தொகை வருகிறதா? முந்தைய இருப்போடு இந்த யூனிட்டைக் கூட்டினால் புதிய இருப்பு வருகிறதா? A முதல் E வரை மேலே உள்ள வரிசை என்றும் தலைப்பு முதல் வரியில் என்றும் கொண்டால்:

```
=ABS(C3*D3-B3)>0.001*D3+0.01
=ABS(E2+C3-E3)>0.0005
```

TRUE வந்த வரியை மட்டும் படத்தோடு ஒப்பிட்டால் போதும். யூனிட் மூன்று தசம இடத்தோடு நின்றுவிடுவதால் பெருக்கலில் சில காசு வித்தியாசம் இயல்பு. அதற்குத்தான் முதல் சூத்திரத்தில் அந்தச் சலுகை.

பிப்ரவரி யூனிட் 105.511 என்பதை 105.571 என்று படித்துவிட்டதாக வையுங்கள். பெருக்கினால் 5,002.59 வருகிறது, கிட்டத்தட்ட 2.84 ரூபாய் அதிகம். இருப்பும் 209.403 ஆகி இடிக்கும். இரண்டு சோதனையும் ஒரே வரியைக் காட்டினால் பிழை யூனிட்டில். பெருக்கல் மட்டும் இடித்தால் என்ஏவியிலோ தொகையிலோ. இருப்பு மட்டும், அதுவும் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் இடித்தால் இருப்பு எண்ணைத்தான் தவறாகப் படித்திருக்கிறோம். ஒரு வரி முழுதாக விடுபட்டிருந்தாலும் இருப்புச் சோதனை சொல்லிவிடும்.

பணம் எடுத்த வரியில் யூனிட் அடைப்புக்குறிக்குள் இருக்கும், (150.000) என்று. ஓசிஆர் அந்தக் குறியை விழுங்கிவிட்டால் கழிக்க வேண்டியதைக் கூட்டுகிறோம். 420.371-க்குப் பிறகு 270.371 வர வேண்டிய இடத்தில் 570.371 வரும். வித்தியாசம் 300, அதாவது யூனிட்டைப் போல இரு மடங்கு. இப்படி இரட்டிப்பாக இடித்தால் குறிதான் போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். விற்ற வரியில் பத்திரப் பரிவர்த்தனை வரியும் வெளியேறும் கட்டணமும் கழிந்திருக்கலாம் என்பதால் அங்கே பெருக்கல் இடித்தால் பதற வேண்டாம்.

ஓசிஆர் வகைகள்

கைபேசி கேமராவில் எழுத்தை நகலெடுக்கும் வசதி எல்லோரிடமும் இருக்கிறது. அட்டவணைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல நேரம் அது நெடுவரிசையாகப் படித்துக்கொண்டு போகும். தேதிகள் எல்லாம் ஒரு கட்டாக, எண்கள் எல்லாம் வேறு கட்டாக வந்து விழும். திரும்பக் கோர்ப்பதற்குள் தட்டச்சே முடிந்திருக்கும்.

எக்செல்லில் Data > From Picture இதைவிட நல்லது. அட்டவணையாகப் புரிந்துகொள்கிறது, சந்தேகமான கட்டங்களை நிறமிட்டுக் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்கிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: அது நிறமிடாத கட்டத்திலும் பிழை இருக்கலாம். நம்ப வேண்டியது சூத்திரத்தை.

பக்கங்கள் நிறைய இருந்தால் இலவசமான டெசராக்ட்:

```
tesseract stmt.png out --psm 6 -c preserve_interword_spaces=1
```

`--psm 6` என்பது படத்தை ஒரே சீரான தொகுதியாகக் கருதி வரி வரியாகப் படிக்கச் சொல்கிறது. படத்தை 300 டிபிஐ அளவுக்கு ஸ்கேன் செய்து, சாய்வை நிமிர்த்தி, அட்டவணைப் பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் விளைவு நன்றாக மாறும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் புள்ளிகள் கரைந்துவிடுகின்றன, 105.511 என்பது 105511 ஆகி வந்தால் அதற்குக் காரணம் அதுதான். அனுப்பியவரிடம் அதையே டாக்குமென்டாக அனுப்பச் சொல்வது அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். இன்னொரு நன்மை, எக்செல்லின் கணினிப் பதிப்போ டெசராக்டோ வைத்திருந்தால் பான் எண்ணும் முகவரியும் இருக்கும் படத்தை முகம் தெரியாத ஓசிஆர் தளத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

தேதிக்குத் தனிச் சோதனை

மேலே சொன்ன இரண்டு சூத்திரங்களும் தேதியைத் தொடுவதே இல்லை. Mar என்பது May என்று வந்தால் கணக்கு கச்சிதமாகப் பொருந்தும். நடு வரியில் நடந்தால் தேதி வரிசை குலைவதால் தெரியும். கடைசி வரியில் நடந்தால் அதுவும் இல்லை.

ஈக்விட்டியில் இது பெரும்பாலும் 12 மாத எல்லைக்கு அருகில்தான் வலிக்கும். கடன் ஃபண்டில் நிலைமை வேறு. 2023 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய யூனிட்டை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து 2024 ஜூலை 23 முதல் விற்றால் 12.5 சதவீதம் நீண்டகால வரி. அதே யூனிட் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியது என்றால் எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் குறுகியகாலம்தான், உங்கள் வரி அடுக்கு விகிதம். ஓர் எழுத்துப் பிழை அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

மருந்து, ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் இருக்கும் என்ஏவி வரலாறு. அந்தத் தேதிக்கு அந்தத் திட்டத்தின் என்ஏவி உங்கள் வரியில் உள்ளதோடு நான்காம் தசமம் வரை பொருந்தினால் தேதி சரி. டைரக்டா ரெகுலரா, குரோத்தா ஐடிசிடபிள்யூவா என்று பார்த்து எடுக்க வேண்டும். தவறான திட்டத்தை எடுத்தால் எல்லா வரியும் இடிக்கும். 2009 ஆகஸ்ட் 1-க்கு முந்தைய வாங்கல்களில் நுழைவுக் கட்டணம் சேர்ந்து விலை என்ஏவியைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

தட்டச்சு

ஒரே பக்கம், இருபது வரிக்குள் என்றால் நான் தட்டச்சுதான் செய்வேன். ஓசிஆரைச் செட் செய்யும் நேரத்தில் அது முடிந்துவிடும். மங்கிய தாள், மேலே முத்திரை, பேனாக் குறிப்பு என்றாலும் கண்ணே மேல்.

மனிதப் பிழை வேறு ரகம்: ஒரு வரியைத் தாண்டுவது, இரண்டு இலக்கம் இடம் மாறுவது. பின்னதற்குக் கணக்கர்களின் பழைய உத்தி ஒன்று உண்டு. 209.343 என்பதை 209.433 என்று அடித்தால் வித்தியாசம் 0.090. புள்ளியை மறந்துவிட்டால் 90, ஒன்பதால் வகுபடுகிறது. இடிக்கும் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் முதலில் இலக்க மாற்றத்தைத் தேடுங்கள்.

எந்த வழியில் வந்த பட்டியலாக இருந்தாலும் அப்புறம் செய்வது ஒன்றே, முதலில் வாங்கியது முதலில் விற்றதாகக் கொள்வது. அந்த 150 யூனிட்டுக்கு ஜனவரியின் 103.832 முழுதாகப் போகும், மீதி 46.168 பிப்ரவரியிலிருந்து. வாங்கிய விலை முறையே 4,999.75 மற்றும் 2,187.72 ரூபாய். பிப்ரவரியில் 59.343 யூனிட் அடுத்த விற்பனைக்கு மிஞ்சும். 2018 ஜனவரி 31 வரை வாங்கிய ஈக்விட்டி யூனிட் பட்டியலில் இருந்தால் அந்தத் தேதியின் என்ஏவிக்கு ஒரு நெடுவரிசை கூடுதலாக வையுங்கள். நீண்டகால ஆதாயத்தில் அந்த யூனிட்டுகளுக்கு வாங்கிய விலையை அப்படியே எடுப்பதில்லை. அன்றைய என்ஏவி, விற்ற விலை இரண்டில் குறைந்ததை எடுத்து, அதையும் உண்மையில் வாங்கிய விலையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதுதான் அடக்கவிலை.