"காய்ந்த சளி" என்று சொல்லி 14,800 ரூபாயை உருவிவிட்டார்கள்

வீடியோவில் மூலிகை மருந்தைக் காட்டி போனில் ஆர்டர் பிடிக்கும் கும்பலிடம் இருமலுக்கென்று யாரும் பணம் கட்டாதீர்கள். நான் கட்டியது 14,800 ரூபாய். போனது போனதுதான்.

கிருஷ்ணகிரியில் மார்கழிப் பனியோடு ஆரம்பித்த செருமல் எனக்கு. சளி ஒரு துளி வராது. விடியற்காலை மூன்று மணிக்கு வறட்டு இருமல் எழுப்பிவிடும். கடையில் சத்தமாகச் சிரித்தாலே இருமல்தான். இழுப்பு இல்லை, மூச்சுத் திணறலும் இல்லை.

போனில் பேசிய பெண் என் செருமலைக் கேட்டதுமே, "அண்ணா, காய்ந்த சளி தொண்டையில் ஒட்டியிருக்கு, எங்கப்பாவுக்கும் இதேதான்" என்றாள். வீட்டில்கூட யாரும் அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. அங்கேதான் நம்பினேன். முதலில் 6,800. சூரணம் தீர்ந்தும் இருமல் நிற்கவில்லை என்றதும் "வேர் வரைக்கும் போகணும்" என்று இன்னொரு 8,000. இருமல் கூடியபோது "நஞ்சு வெளியே வருது, நல்ல அறிகுறி" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பத்தியம் இருந்தீங்களா?" என்று என்னையே கேட்டார்கள்! அப்புறம் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

கடைசியில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் சுத்தம். நுரையீரல் வேலையை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் பகலில் நார்மல். ஆனால் டாக்டர் அதோடு விடவில்லை. மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் காலையும் மாலையும் மூன்று முறை ஊதி, அதிகமானதை எழுதி வரச் சொன்னார். மாலையில் 400 வரும், விடிந்ததும் 310தான். மூச்சுக்குழல் இரவில் சுருங்கிப் பகலில் விரிகிறது, அதனால்தான் பகல் சோதனையில் பிடிபடவில்லை என்றார். இருமலை மட்டுமே காட்டும் ஆஸ்துமாவாம் இது. சளியே இல்லாத நோய்க்குச் சளி மருந்து விற்றிருக்கிறார்கள், அதுவும் 14,800 ரூபாய்க்கு!

மூச்சுக்குழல் வீக்கத்தைக் குறைக்கும் புடசொனைடு இன்ஹேலர் கொடுத்தார். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெண்புண் வரும். இரவு இருமல் சில நாளிலேயே குறைந்தது, செருமல் போகத்தான் சில வாரம் ஆனது. இருமல் நின்றதும் நாமாக இன்ஹேலரை நிறுத்தக் கூடாதாம், உள்ளே வீக்கம் இருக்குமாம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு நிஜமான இழுப்பாகவே மாறுமாம்.

எல்லா வறட்டு இருமலும் இதுவல்ல, நெஞ்செரிச்சலாலும் சில பிரஷர் மாத்திரைகளாலும்கூட வரும். இரண்டு வாரம் தாண்டினால் முதலில் காசநோய் இல்லை என்று பார்த்துவிடுங்கள். இரவில் கூடுகிறதா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். லேபிள் இல்லாத பொடியைத் தொடாதீர்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு உடனே அடியுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நானும் புகார் கொடுத்திருக்கிறேன், 14,800 ரூபாயில் ஒரு பைசா இன்னும் வரவில்லை.