படிகளா, சாய்வா?

டர்பன் சாட்ஸ்வர்த்தில் நம் பிள்ளைகளுக்காகச் செய்யும் போன் பேட்டிங் விளையாட்டில், தட்டும் நேரத்தை வைத்துப் பந்தின் திசையை முடிவு செய்ய இரண்டு வழிகளை ஒப்பிட்டேன்.

முதலாவது படிமுறை: சரியான கணத்துக்கு 30 மில்லிசெகண்டுக்குள் தட்டினால் நேர் டிரைவ், முந்தினால் லெக் பக்கம், பிந்தினால் ஆஃப் பக்கம். கற்பது எளிது. ஆனால் 29-க்கும் 31-க்கும் இடையே பந்து திசையே மாறிவிடும், அது அநியாயம்.

இரண்டாவது தொடர்முறை: ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் 0.6 பாகை திரும்பும். 60 பிந்தினால் ஆஃப் பக்கம் 36 பாகை. வலிமை 120 மில்லிசெகண்டில் பூஜ்யமாகும்படி வைத்தால், 60-க்கு 1 − (60/120)², அதாவது முக்கால் பங்கு. இடைவெளி பார்த்து அடிக்கலாம், எனக்கு இதுதான் பிடிக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. போன் தொடுதலை 40 மில்லிசெகண்டு தாமதமாகப் பதிந்தால் எல்லா அடியும் 24 பாகை ஆஃப் பக்கம் ஒதுங்கும். அதைச் சரிசெய்ய, முதல் இருபது தட்டல்களின் நேரப் பிழையின் நடுமதிப்பைக் கழித்துவிட்டால் போதும்.